18,000 ரூபாய்ப் பையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் இணையதளத்தில் 20 சதவீதத் தள்ளுபடி போட்டோம். அன்று சாயங்காலமே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கோயம்புத்தூரில் பல் மருத்துவர். செப்டம்பரில்தான் எங்கள் டோட் பையை முழு விலைக்கு, 18,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். திட்டவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அதே பைக்குப் பக்கத்தில் 14,400 என்று போட்டிருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வார்த்தை கூட இல்லை.

அதுவரைக்கும் நான் எல்லோரிடமும் "நாங்கள் பண்ணுவது லக்சுரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையால் தைக்கிறோம், ஃபுல் கிரெயின் தோல், பித்தளை பக்கிள், பிறகென்ன? அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு என்ன பதில் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு லக்சுரிக்கும் பிரீமியத்துக்கும் வித்தியாசமே தெரியாது என்று புரிந்தது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோல் பை, பர்ஸ், பெல்ட் என்று சொந்தமாக லேபிள் ஆரம்பித்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் உபயோகப்படலாம்.

முதலில் எங்களைப் பற்றி. குரோம்பேட்டையில் ஒரு மாடி. ஊருக்கு அந்தப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் குரோமியம் படாத, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் பை தைக்கிறோம். தைப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாஸ்டர். ஏற்றுமதி கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் கட்டிங், ஃபினிஷிங் எல்லாம் பார்த்தவர். இன்னொருவர் அவரிடம் கற்றுக்கொண்ட பையன். தோல் வாங்குவது, கணக்கு, பேக்கிங், வாட்ஸ்அப் எல்லாம் நான்.

இப்போது அந்த 18,000 ரூபாய்ப் பையின் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். ஒரு பைக்கு, கழிவையும் சேர்த்து, 10 சதுர அடி தோல் போகும். பெரியமேட்டுத் தோல் கடை பாய் எங்களுக்குப் போட்ட விலை சதுர அடி 180 ரூபாய். ஆக தோல் 1,800. உள்துணி 400. ஜிப், பக்கிள், ரிவெட் எல்லாம் சேர்த்து 900. நூல், மெழுகு, சாயம், பசை 250. டப்பாவும் துணி உறையும் 250. எல்லாவற்றையும்விடப் பெரியது கூலி. ஒரு பைக்கு 22 மணி நேரம், மணிக்கு 200 ரூபாய் வீதம் 4,400. மொத்தம் 8,000 ரூபாய். வரியைத் தள்ளிப் பார்த்தால் ஒரு பையில் கைக்கு வருவது 10,000. வாடகை, கரண்ட், ஃபோட்டோ, விளம்பரம், என் சம்பளம் எல்லாம் இதற்குள்தான்.

இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரம் உருப்படியான வேலை, மாதம் 25 நாள் என்று வைத்தால் 350 மணி நேரம். 22-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 16 பை வரும். அதற்கு மேல் ஒன்றுகூட வராது.

20 சதவீதம் தள்ளினால் ஒரு பையில் நிற்பது 10,000 இல்லை, 6,400. 16 பையில் வரவேண்டிய அதே 1,60,000 ரூபாயைத் தொடுவதற்கு நான் 25 பை விற்க வேண்டும். 25 பை என்றால் 550 மணி நேரம். என்னிடம் இருப்பதோ 350. மிஷின் வைத்து ஓட்டும் கம்பெனிக்குத் தள்ளுபடியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதிகம் விற்றால் அதிகம் தைத்துவிடலாம், தேங்கிய சரக்கும் காலியாகும். கையால் தைப்பவனுக்குத் தள்ளுபடி என்பது அதே 16 பையைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது மட்டும்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு. போடாமலேயே தள்ளுபடியை அறிவித்துவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு 23 ஆர்டர் வந்தது. மாஸ்டர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எதையாவது விடணும்" என்றார். விட்டது விளிம்பு வேலையை. பையின் கைப்பிடியில் மூன்று அடுக்குத் தோல் ஒட்டியிருக்கும். அந்த விளிம்பை 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, சாயம் ஏற்றி, காய்ந்ததும் 400-இல் தேய்த்து, மறுபடி சாயம், 600-இல் தேய்த்து, தேன்மெழுகு பூசி, சூடு காட்டி, கேன்வாஸ் துணியால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். விரல் நகத்தால் வருடினால் மூன்று அடுக்கு என்றே தெரியக்கூடாது. ஒரு ஜோடிக் கைப்பிடிக்கு இதற்கே மூன்று மணி நேரம். அவசரத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டு, தேய்க்காத விளிம்பின் மேலேயே எட்ஜ் பெயின்ட் ஒரு கோட் அடித்து அனுப்பினோம். புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மார்கழிக்குள் இரண்டு பை திரும்பி வந்தது. கைப்பிடி வளையும் இடத்தில் பெயின்ட் நெயில்பாலிஷ் மாதிரி சீவல் சீவலாக உரிந்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரீமியம் என்பது ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவது. வாங்குகிறவர் கையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தராசு இருக்கிறது. இந்தப் பை 6,000, அந்தப் பை 18,000. மூன்று மடங்குக்கு எனக்கு என்ன கிடைக்கும்? நல்ல தோல், உறுதியான தையல், ஐந்து வருட உழைப்பு. பதில் சரியாக இருந்தால் வாங்குவார். பிரீமியம் விற்பவர் தினமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

லக்சுரி அந்தத் தராசிலேயே ஏறுவதில்லை. ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு பிராண்டின் கடையில் யாரும் "இந்தப் பணத்துக்கு இது தகுமா" என்று கேட்பதில்லை. கேட்கத் தோன்றுகிறவர் உள்ளே போவதே இல்லை. (தமிழில் ஆடம்பரம் என்று சொன்னாலே கொஞ்சம் திட்டுகிற மாதிரி ஒலிக்கிறது. அதனால்தானோ என்னவோ நாம் எல்லோரும் லக்சுரி என்றே சொல்லிக்கொள்கிறோம்.) ஆனால் ஒப்பிட விடாமல் செய்வது விலையை ஏற்றுவதால் வருவதில்லை. தொழிலுக்குள் சிலவற்றைச் செய்ய மாட்டேன் என்று கட்டிப் போட்டுக்கொண்டு, அதைப் பல வருடம் மீறாமல் இருப்பதால் வருகிறது. இது எனக்குப் புரிந்தது ஹெர்மெஸைப் பார்த்து இல்லை, மல்பெரியைப் பார்த்து.

மல்பெரி இங்கிலாந்துக் கம்பெனி. ரோஜர் சால் என்பவர் 1971-இல் சாமர்செட்டில் ஆரம்பித்தது. அங்கேயே தொழிற்சாலை, நல்ல தோல், நல்ல வேலை. 2003-இல் வந்த பேஸ்வாட்டர் பையை இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெண்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். 2010-இல் அலெக்சா என்ற பை வந்து சக்கைப்போடு போட்டது. 2012 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் வரிக்கு முந்தைய லாபம் 3.6 கோடி பவுண்டு. அந்த வருடம் ஹெர்மெஸிலிருந்து புரூனோ கியோன் என்பவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பிராண்டை லக்சுரிக்கு ஏற்றப் பார்த்தார். விலையைக் கூட்டினார், விலை கூடிய தோல்களில் பைகள் வந்தன. லாபம் குறையும் என்ற எச்சரிக்கை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2014 மார்ச் ஆண்டில் லாபம் 1.4 கோடி பவுண்டுக்கு இறங்கியது. அதே மார்ச்சில் கியோன் விலகினார். அடுத்து வந்தவர்கள் முதலில் செய்த வேலை, மறுபடி குறைந்த விலையில் பைகளைக் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் பையில் குறை ஒன்றுமில்லை. தோல் முன்பைவிட நன்றாகவே இருந்தது. பிறகு ஏன்? நான் புரிந்துகொண்டது இது. மல்பெரி வாடிக்கையாளர் கையில் தராசு இருந்தது. பழைய விலையில் அந்தத் தராசில் மல்பெரிதான் கனம். அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல பை கிடைக்காது. விலை ஏறியபோது அவர் தராசைக் கீழே வைக்கவில்லை. எதிர்த் தட்டில் இருந்த பொருளைத்தான் மாற்றினார். இவ்வளவு கொடுப்பதென்றால் இன்னும் கொஞ்சம் போட்டு ஃபிரான்ஸ், இத்தாலிப் பெரிய பெயர் ஒன்றை வாங்கலாமே என்று. போதாததற்கு, அதே பிராண்டின் பைகள் பிஸ்டர் வில்லேஜ் அவுட்லெட்டில் தள்ளுபடியில் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் விலையை ஏற்றிக்கொண்டே இன்னொரு பக்கம் ஒப்பிடுவதற்கு வசதியாகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இதில் வேடிக்கை, பத்து வருடம் கழித்து மறுபடியும் கிட்டத்தட்ட இதே கதை. விலை திரும்ப மெல்ல மெல்ல ஏறியது. 2024 மார்ச் ஆண்டில் 3.4 கோடி பவுண்டு நட்டம். அந்த வருடம் செப்டம்பரில் வந்த புதிய தலைவரும் விலையை வாடிக்கையாளருக்கு எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

மல்பெரியில் கியோன் செய்யாத, ஒருவேளை செய்யவே முடியாத ஒன்றை ஹெர்மெஸ் செய்கிறது. அதுதான் என் மாதிரி ஆளுக்கு நேரடியாகப் படிக்க வேண்டிய பாடம்.

ஹெர்மெஸ் 1837-இல் பாரிசில் குதிரைச் சேணம், கடிவாள வார் செய்யும் பட்டறையாக ஆரம்பித்தது. சேணத்துக்குப் போட்ட அதே தையலைத்தான் இன்றும் கெல்லி, பர்கின் பைகளில் போடுகிறார்கள். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. தேன்மெழுகு பூசிய லினன் நூல். தோலை மரக் கிடுக்கியில் பிடித்து முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைத்து இழுப்பார்கள். மிஷின் தையலில் மேல் நூல் மேலேயே இருக்கும், பாபின் நூல் கீழேயே இருக்கும். தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் அறுந்து நூலை இழுத்தால் வரிசையாகப் பிரியும். சேணத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் எல்லாத் துளையிலும் ஓடிக்கொண்டிருப்பதால் பிடித்துக்கொள்ளும். எங்கள் பையிலும் இதே தையல்தான். நேர்மையாகச் சொன்னால், நல்ல பாலியஸ்டர் நூலில் ஒழுங்காகப் போட்ட மிஷின் தையலும் பத்து வருடம் வரும். ஆகவே தையல் மட்டும் ஒரு பையை லக்சுரி ஆக்கிவிடாது. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹெர்மெஸில் ஒரு பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார். அவருடைய அடையாள முத்திரை பைக்குள் இருக்கிறது. ஒரு பட்டறையில் சுமார் 250, 300 பேருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அதிகம் வேண்டுமென்றால் வேறு ஊரில் இன்னொரு பட்டறை கட்டுகிறார்கள். புதிதாக வருபவருக்குப் பயிற்சி ஏறக்குறைய ஒன்றரை வருடம். அதனால் தோல் பைகளின் உற்பத்தி வருடத்துக்கு ஆறு, ஏழு சதவீதம் போலத்தான் ஏறுகிறது. கேட்பவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மிஷினை இறக்கியிருக்கும், இல்லை வெளியே தைக்கக் கொடுத்திருக்கும். இவர்கள் வரிசையை நீள விடுகிறார்கள். கெல்லி, பர்கினுக்குத் தள்ளுபடி விற்பனை கிடையாது. அவுட்லெட் கிடையாது.

வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்குகிறார்கள் என்று அவர்கள்மேல் புகாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. யாருக்குப் பர்கினைக் காட்டுவது என்று கடையில் தீர்மானிக்கும் முறையைப் பற்றி 2024-இல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். ஆனால் அடியில் ஒரு நிஜமான எல்லை இருக்கிறது, அது கைகளின் எண்ணிக்கை. நம் ஊர் இணையதளங்களில் "இன்னும் 2 மட்டுமே" என்று சிவப்பில் மின்னும்போது பின்னால் அலமாரியில் 40 இருக்கும். வாடிக்கையாளர் மறுவாரம் வந்து பார்த்தால் அப்போதும் 2-தான் இருக்கும். நாங்களும் ஒரு காலத்தில் அந்தப் பிளகினைப் போட்டிருந்தோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், பிரெஞ்சு ஃபேஷன் பிராண்டான டியோரின் இத்தாலி உற்பத்தி நிறுவனம் ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. கடையில் சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துத் தர, வெளிப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று விசாரணை ஆவணங்களில் இருந்தது. தோல் விலை அதில் சேராது. மறு வருடம் கண்காணிப்பு விலக்கப்பட்டது, அது வேறு. இதைப் படித்ததும் என் நண்பர் ஒருவர், "பார்த்தியா, எல்லாம் பெயருக்குத்தான் காசு" என்றார். எனக்கு வேறொன்று தோன்றியது. பெரிய பெயர் இருப்பவர் அந்தப் பெயரைக் கரைத்துக் கொஞ்ச காலம் இப்படி ஓட்டலாம். நேற்று ஆரம்பித்த லேபிளுக்குக் கரைப்பதற்கு என்ன இருக்கிறது?

தோல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது அங்கேதான். நாங்கள் வாங்குவது ஈஸ்ட் இந்தியா லெதர் வகை. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் வழிவழியாகப் பதனிட்டு வருவது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, முடிக்கும்போது கடுக்காய். இப்போது பெரும்பாலும் இறக்குமதியாகும் வாட்டில் மரப்பட்டைச் சாறு. புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. ஒரு லாட் தேன் நிறமாக வரும், அடுத்த லாட் கொஞ்சம் சிவந்து வரும். கழுத்துப் பகுதியில் சுருக்கக் கோடு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். "இயற்கையான தோலின் அழகு" என்று கார்டு அடித்துப் பைக்குள் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். போன வருடம் ஒருவர் அந்தக் கார்டையும் பையோடு சேர்த்தே திருப்பி அனுப்பினார். அவர்மேல் தப்பில்லை. பிரீமியம் வாங்குகிறவர் ஃபோட்டோவில் பார்த்தது கைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

லக்சுரி என்றால் இந்தப் புள்ளிகளை ரசிப்பார்கள் என்று நினைத்தேன். நடப்பது நேர்மாறு. பெரிய லக்சுரி பிராண்டுகள் நம்மைவிடப் பல மடங்கு கடுமையாகத் தோலைக் கழிக்கின்றன. நல்ல தோலைத் தாங்களே எடுத்துக்கொள்வதற்காகப் பதனிடும் ஆலைகளையே வாங்குகின்றன. ஹெர்மெஸ் 2013-இல் ஃபிரான்ஸில் ஆனோனே ஊரின் கன்றுத்தோல் ஆலையை வாங்கியது அப்படித்தான். மாஸ்டரிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன், வயிற்றுப் பக்கம், கழுத்து, கோடு, புள்ளி எதுவும் வேண்டாம், முதுகுப் பகுதியில் மட்டும் வெட்டினால் ஒரு பைக்கு எவ்வளவு தோல் போகும் என்று. பேட்டர்ன் அட்டையைத் தோலின் மேல் நாலைந்து விதமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். "பதினஞ்சு அடிக்குக் குறையாது. மிச்சத்தை என்ன பண்றது?" மிச்சத்தில் கார்டு ஹோல்டரும் சாவி வாரும் போடலாம் என்றேன். "அப்போ அதுக்கும் புள்ளி இருக்கும்ல?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, நான் எங்கே நிற்கிறேன்? பிரீமியம். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. பிரீமியத்தை நன்றாகச் செய்வது சின்ன விஷயமில்லை. கோச் 1941-இல் நியூயார்க்கில் ஒரு சின்னப் பட்டறையாக ஆரம்பித்து, பேஸ்பால் கையுறைத் தோலைப் பார்த்துப் பை செய்யக் கற்று, உலகம் பூராவும் வளர்ந்தது. இடையில் அவுட்லெட்டுகளையும் தள்ளுபடியையும் அளவுக்கு மீறி நம்பிச் சறுக்கியது. 2016-இல் அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் கணிசமானவற்றிலிருந்து சரக்கை வெளியே எடுத்துத்தான் நிமிர்ந்தது. விலையை வானத்துக்கு ஏற்றி நிமிரவில்லை. தராசில் தன் தட்டை மறுபடி கனமாக்கிக்கொண்டது.

பிரச்சினை எங்கே என்றால், மாதம் 16 பை தைக்கும் ஆள் கோச்சின் ஆட்டத்தையும் ஆட முடியாது. அந்த ஆட்டத்துக்கு அளவு வேண்டும். ஹெர்மெஸின் ஆட்டத்துக்குப் பெயரும் காலமும் வேண்டும். கையால் தைக்கும் லேபிளுக்குச் செலவுகள் லக்சுரியுடையவை, வாடிக்கையாளர் பிரீமியத்துடையவர். இந்த இடுக்கில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறோம்.

அதனால் லக்சுரியிலிருந்து விலையை மட்டும் எடுக்காமல், அவர்கள் தங்களைக் கட்டிப் போட்டுக்கொள்ளும் கயிறுகளில் எங்களால் தாங்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதல் கயிறு, தள்ளுபடி கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது, மாமா பையனுக்கும் கிடையாது. முதல் வருடம் அக்டோபர் விற்பனை பாதியாகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஜனவரியில் வருகிறவர்கள் "அடுத்த ஆஃபர் எப்போ" என்று கேட்பது மெல்ல நின்றது. தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் நம் முழு விலையைப் பொய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, பழுது. ஒவ்வொரு பைக்கும் உள்பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு எண்ணும் தைத்தவரின் எழுத்தும் அடிக்கிறோம். ஒரு நோட்டில் அந்த எண், எந்த லாட் தோல், எந்த நூல், யார் தைத்தது என்று இருக்கிறது. தையல் எப்போது பிரிந்தாலும் இலவசம். ஜிப், பக்கிள் என்றால் பொருள் விலை மட்டும். எக்ஸலில் போட்டிருக்கலாம்தான், மாஸ்டருக்கு நோட்டுதான் பிடிக்கும். இந்த நோட்டுதான் எங்களுக்கு ஆசிரியர். தோள் வார் பக்கிள் இடத்தில் கிழிகிறது என்று மூன்று முறை ஒரே மாதிரி எழுதிய பிறகுதான், அந்த மடிப்பில் தோலை ஸ்கைவிங் செய்யும்போது அளவுக்கு மீறி மெல்லிதாக்குகிறோம் என்று தெரிந்தது.

விலையையும் கூட்டினோம், 21,000. தோலைக் கழிப்பதைக் கொஞ்சம் கடுமையாக்கினோம், 10 அடி இப்போது 12 அடி. மீதி உயர்வு மாஸ்டருக்கும் பையனுக்கும் போனது. கேட்பவர்களிடம் இதை அப்படியே சொல்கிறேன். சிலர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அந்தப் பல் மருத்துவருக்கு அன்றைக்கு என்ன பதில் போட்டேன் என்று சொல்லவில்லையே. இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் 3,600 ரூபாயை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். "தேவையில்லை சார், சும்மா பார்த்தேன்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. இந்த வருடம் ஏப்ரலில் அதே பை கூரியரில் வந்தது, தோள் வாரில் பக்கிள் இடத்தில் கிழிந்து. மாஸ்டர் வாரைப் புதிதாக வெட்டித் தைத்துக் கொடுத்தார். பழைய பையின் நிறம் நன்றாக ஆழ்ந்திருந்தது. புது வார் பக்கத்தில் வெளிறித் தெரிந்தது. வெயில் பட்டால் ஆறு மாதத்தில் ஒன்றாகிவிடும் என்று ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்பினேன்.

இப்போது மேசையில் இன்னொரு விஷயம் கிடக்கிறது. ஒரு ஐடி கம்பெனியிலிருந்து 300 லேப்டாப் ஸ்லீவ் கேட்டிருக்கிறார்கள். ஊழியர்களுக்குப் பரிசு. ஒன்றுக்கு 4,500 தருவார்கள், முன்பணம் பாதி. ஒரு ஸ்லீவுக்குக் கையால் தைத்தால் 5 மணி நேரம். 300-க்கு 1,500 மணி நேரம், அதாவது நாலு மாதத்துக்கு மேல் ஒரு பைகூடத் தைக்க முடியாது. அவர்களுக்கோ இரண்டு மாதத்தில் வேண்டும். மிஷின் இருக்கும் தெரிந்த யூனிட்டில் கொடுத்து வாங்கலாம், நன்றாகவே தைப்பார்கள். இரண்டு வருட வாடகை ஒரே ஆர்டரில் வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாஸ்டரிடம் விவரம் எல்லாம் சொன்னேன். கையில் இருந்த கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "நம்ம முத்திரை அதுல வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு தம்பி."